ஆப், கேம் இரண்டையும் ரெஃபரன்ஸில் எப்படிக் காட்டுவது? எந்த வெர்ஷன், எந்தத் திரை என்பதுதான் விஷயம்

கேள்வி: "வேலூர்ல விஸ்காம் கடைசி வருஷம் படிக்கிறேன். ரயில் டிக்கெட் எடுக்கிற யுடிஎஸ் ஆப்பையும் வெண்பா கேமையும் எடுத்துக்கிட்டு, நாம தப்பு பண்ணினா திரை அதை எப்படிச் சொல்லுதுன்னு ஒப்பிட்டு ப்ராஜெக்ட் எழுதறேன். ஏபிஏ முறையில ரெஃபரன்ஸ் போடச் சொல்லிட்டாங்க. புக்குன்னா ஆசிரியர், வருஷம், பதிப்பகம் எல்லாம் இருக்கு. ஆப்புக்கு யாரை ஆசிரியர்னு போடறது? எந்த வருஷம்? ப்ளே ஸ்டோர் லிங்க் கொடுத்து ஸ்க்ரீன்ஷாட் ஒட்டினா போதாதா சார்?"

போதாது. ப்ளே ஸ்டோர் லிங்க்கை மார்ச்சில் திறப்பவருக்கு மார்ச்சில் இருக்கும் ஆப்தான் கிடைக்கும். நீங்கள் ஜனவரியில் பார்த்த திரை அதற்குள் மாறியிருக்கலாம், பட்டன் இடம் மாறியிருக்கலாம், நீங்கள் அலசிய எச்சரிக்கைச் செய்தியே காணாமல் போயிருக்கலாம். எனவே உங்கள் கட்டுரையில் இரண்டு வேலைகள் தனித்தனியாக நடக்க வேண்டும். கடைசியில் வரும் ரெஃபரன்ஸ் பட்டியல், எந்தப் பொருளை, எந்த வெர்ஷனை ஆராய்ந்தீர்கள் என்று சொல்லும். உள்ளே படத்துக்குக் கீழே வரும் குறிப்பு, அந்தப் பொருளில் எந்தத் திரையை, எந்தச் சூழ்நிலையில் பார்த்தீர்கள் என்று சொல்லும். இந்தப் பக்கத்துக் கல்லூரிகளில் பல வருடங்களாக மீடியா, டிசைன் ப்ராஜெக்ட்களைத் திருத்தி வருகிறேன். பெரும்பாலானவர்கள் முதல் வேலையை ஏனோதானோவென்று செய்துவிட்டு, இரண்டாவதையும் அதுவே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறார்கள்.

முதலில் யுடிஎஸ். அமெரிக்க உளவியல் சங்கத்தின் மேற்கோள் முறையான ஏபிஏவின் ஏழாம் பதிப்பில் (2019) மென்பொருளுக்கும் மொபைல் ஆப்புக்கும் தனி வடிவம் இருக்கிறது, அதனால் இதில் குழப்பமே தேவையில்லை. ஆசிரியர் என்ற இடத்தில் ஆப்பை உருவாக்கி உரிமை வைத்திருப்பவர் வர வேண்டும். அது தனி ஆளாகவும் இருக்கலாம், நிறுவனமாகவும் இருக்கலாம். ப்ளே ஸ்டோரில் ஆப்பின் பக்கத்தைத் திறந்து, About this app என்பதைத் தொட்டு, அடிவரை இறங்கிப் பாருங்கள். Offered by என்று ஒரு வரி இருக்கும். யுடிஎஸ்ஸுக்கு அது கிரிஸ், அதாவது ரயில்வேயின் கணினி வேலைகளைச் செய்யும் சென்டர் ஃபார் ரயில்வே இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ். 'இந்தியன் ரயில்வேஸ்' என்று பொதுவாக எழுதிவிடாதீர்கள். 'கூகுள்' என்று எழுதுபவர்களும் உண்டு. கூகுள் ப்ளே என்பது ஆப்பை விற்கும் கடை. அந்தக் கடைக்கும் ஏபிஏ ஓர் இடம் வைத்திருக்கிறது, புத்தகத்துக்குப் பதிப்பகம் வருகிற அதே இடம்.

வருடம்தான் பலரைத் தடுமாற வைக்கிறது. அதே திரையில் Released on என்று ஒன்றும் Updated on என்று ஒன்றும் இருக்கும். Released on கண்ணில் பட்டதுமே அதை எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். யுடிஎஸ் மும்பை புறநகர் ரயில்களுக்காக 2014-இல் வந்தது. அந்த வருடத்தைப் போட்டால் நீங்கள் 2014-இல் இருந்த ஆப்பை ஆராய்ந்ததாக அர்த்தமாகிவிடும். நீங்கள் பயன்படுத்திய வெர்ஷன் எந்த வருடம் வெளியானதோ அதுதான் வர வேண்டும். அப்படிப் பார்த்தால் வரி இப்படி அமையும்:

```
Centre for Railway Information Systems. (2025). UTS
   (Version 0.0.0) [Mobile app]. Google Play Store.
   https://play.google.com/store/apps/details?id=com.cris.utsmobile
```

வருடமும் வெர்ஷன் எண்ணும் மாதிரிக்குப் போட்டவை, உங்கள் போனில் இருப்பதை எழுதிக்கொள்ளுங்கள். ஆப்பின் பெயரை மட்டும் சாய்வெழுத்தில் போடுங்கள், வெர்ஷனும் சதுர அடைப்புக்குறியும் நேரெழுத்தில்தான் வரும். லிங்க் விஷயத்தில் ஒரு சின்னக் கவனம் தேவை. போனில் 'ஷேர்' கொடுத்து எடுத்தால், கடைசியில் மொழி, நாடு என்று நீளமாக ஒரு வால் ஒட்டிக்கொண்டு வரும். id= என்பதற்குப் பிறகு வரும் பெயர்தான் ஆப்பின் அடையாளம். அடுத்து வரும் & குறியிலிருந்து எல்லாவற்றையும் வெட்டிவிடலாம். லிங்க் அப்படியே வேலை செய்யும், பக்கமும் சுத்தமாக இருக்கும்.

வெர்ஷன் எண்ணை ஸ்டோரிலிருந்து எடுக்காதீர்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஸ்டோர் காட்டுவது அன்றைக்குக் கடையில் இருக்கும் வெர்ஷன். உங்கள் போனில் இருப்பது பழசாக இருக்கலாம். சில ஆப்களுக்கு ஸ்டோரில் எண்ணே இருக்காது, சாதனத்துக்குச் சாதனம் மாறும் என்று மட்டும் போட்டிருக்கும். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸுக்குப் போய், ஆப்கள் பட்டியலில் அந்த ஆப்பைத் தொட்டு, பக்கத்தின் அடிக்குப் போனால் நிறுவியிருக்கும் வெர்ஷன் தெரியும். அதை ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் சேர்ந்து செய்யும் ப்ராஜெக்ட் என்றால் இரண்டு போனிலும் பாருங்கள். நிறுவனங்கள் ஒரு அப்டேட்டை எல்லாருக்கும் ஒரே நாளில் அனுப்புவதில்லை, முதலில் ஒரு பகுதிப் பேருக்கு அனுப்பிப் பார்த்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குத் திறந்துவிடுவார்கள். காட்பாடியில் இருக்கும் உங்கள் போனிலும் ராணிப்பேட்டையில் இருக்கும் உங்கள் தோழியின் போனிலும் ஒரே நாளில் வேறு வேறு வெர்ஷன் இருப்பது சாதாரணம். ஆராய்ச்சி முடியும்வரை அந்த ஆப்புக்கு மட்டும் தானியங்கி அப்டேட்டை நிறுத்திவைக்கலாம். ஸ்டோரில் ஆப்பின் பக்கத்தில் வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டால் அந்தத் தேர்வு வரும். ஆனால் பணம் கட்டும் ஆப்கள் ஒரு கட்டத்தில் 'அப்டேட் செய்தால்தான் உள்ளே விடுவேன்' என்று நிற்கும். அப்படி நடுவில் மாற நேர்ந்தால் இரண்டு வெர்ஷன் எண்களையும் ஆய்வுமுறைப் பகுதியில் சொல்லிவிடுங்கள். எந்தத் திரை எந்த வெர்ஷனில் எடுத்தது என்பதைப் படக்குறிப்பு சொல்லட்டும்.

இதுவரை சொன்னது விதிப்புத்தகத்தில் இருப்பது, சந்தேகமில்லாதது. இனிமேல் சொல்வதில் பாதி விதி, பாதி எங்கள் நடைமுறை.

வெர்ஷன் எண் சரியாக இருந்தாலும் திரை ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆப்பின் ஒரு பகுதிதான் போனில் இருக்கிறது, மீதி சர்வரிலிருந்து வருகிறது. அப்டேட்டே இல்லாமல் சர்வரில் ஒரு வாக்கியத்தை மாற்றலாம், பாதிப் பேருக்கு ஒரு நிறமும் மீதிப் பேருக்கு வேறு நிறமும் காட்டிச் சோதிக்கலாம். உங்கள் யுடிஎஸ் விஷயத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. நீங்கள் எங்கே நின்று திறக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே அந்த ஆப் நடந்துகொள்ளும். காகிதமில்லாப் பயணச்சீட்டை ஸ்டேஷன் எல்லைக்கு வெளியே இருந்துதான் எடுக்க வேண்டும் என்பது அதன் விதி. டிக்கெட் பரிசோதகரைப் பார்த்த பிறகு அவசரமாக டிக்கெட் எடுப்பதைத் தடுக்கத்தான் இது. போனின் ஜிபிஎஸ் வைத்து உங்கள் இடத்தைப் பார்த்து, காட்பாடி ஜங்ஷன் பிளாட்பாரத்தில் நின்றால் மறுத்துவிடும். ஸ்டேஷனில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து எடுப்பது வேறு பாதை, அதற்கு வேறு திரைகள். வீட்டில் உட்கார்ந்து பார்த்தால் மறுக்கும் திரை வரவே வராது.

உங்கள் தலைப்பே 'தப்பு பண்ணினால் திரை எப்படிச் சொல்கிறது' என்பது. அப்படியானால் உங்களுக்கு மிக முக்கியமான திரை இதுதான். அந்தத் திரையை உங்கள் கைடு தன் அறையில் உட்கார்ந்து வரவழைக்கப் பார்த்தால் கிடைக்காது. 'இந்தச் செய்தி ஆப்பில் இல்லையே' என்று வைவாவில் கேட்பார். ரெஃபரன்ஸ் பட்டியலில் உள்ள வரி அப்போது உங்களைக் காப்பாற்றாது, படக்குறிப்புதான் காப்பாற்றும். நான் எழுதச் சொல்வது இப்படி:

```
Note. Screenshot of the ticket refusal message. From UTS
   (Version 0.0.0), by Centre for Railway Information Systems,
   2025, Google Play Store. Captured on Android 14, English
   interface, location on, Katpadi Junction platform, DD Month YYYY.
```

எங்கிருந்து எடுத்தது, எந்த வெர்ஷன், யாருடையது, எந்த வருடம், எந்தக் கடை என்பதெல்லாம் ஏபிஏ கேட்பவை. பதிப்புரிமை வருடத்தையும் உரிமையாளர் பெயரையும் தனி வாக்கியமாகக் கடைசியில் சேர்க்கச் சொல்வார்கள், அதையும் சேருங்கள். ஆண்ட்ராய்டு எண், மொழி, நின்ற இடம், தேதி ஆகியவை நாங்கள் சேர்க்கச் சொல்வது. ஏபிஏ இவற்றைக் கேட்கவில்லை, சேர்த்தால் தப்பு என்றும் சொல்லவில்லை. எல்லாப் படத்துக்கும் இவ்வளவு நீளமாக எழுத வேண்டுமா என்றால் வேண்டாம். எல்லாம் ஒரே போனில், ஒரே நாளில் எடுத்தவை என்றால் போன், மொழி, தேதி மூன்றையும் ஆய்வுமுறைப் பகுதியில் ஒருமுறை சொல்லிவிட்டு, எந்தப் படத்துக்கு என்ன மாறுகிறதோ அதை மட்டும் அதன் கீழே எழுதினால் போதும்.

தேதியை ரெஃபரன்ஸ் வரியிலேயே 'இந்த நாளில் எடுக்கப்பட்டது' என்று போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வெர்ஷன் எண் இருக்கும் ஆப்புக்கு ஏபிஏ வடிவத்தில் அந்தத் தேதி கிடையாது. தொடர்ந்து மாறிக்கொண்டே இருக்கும், பழைய நிலையைத் திரும்பப் பார்க்க வழியில்லாத பக்கங்களுக்குத்தான் அதை வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒன்றும் உங்கள் ப்ராஜெக்ட்டில் வரும், ஸ்டோர் பக்கம்தான் அது. ஆப்பின் நட்சத்திர மதிப்பீட்டையோ, ஸ்டோரில் இருக்கும் விளக்கத்தையோ, பயனர்கள் எழுதிய விமர்சனத்தையோ மேற்கோள் காட்டினால், நீங்கள் காட்டுவது ஆப்பை அல்ல, ஒரு வலைப்பக்கத்தை. அதற்குத் தனி வரி, அதில் பார்த்த தேதி கட்டாயம். மதிப்பீட்டு எண் நாளுக்கு நாள் நகரும், போதாததற்கு நாட்டுக்கு நாடும் வேறாகத் தெரியும். விமர்சனம் எழுதிய சாதாரண மனிதர்களின் பெயரை ஸ்க்ரீன்ஷாட்டில் மறைத்துவிடுங்கள். அவர்கள் உங்கள் கட்டுரையில் இடம்பெறச் சம்மதித்து எழுதவில்லை.

இனி வெண்பா. இது வேறு மாதிரியான பொருள், யுடிஎஸ்ஸைவிட எளிதானது. கனடாவில் டொரன்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023 ஜூலை 31 அன்று வெளியிட்ட சமையல் கேம் அது. செய்தவர்களும் வெளியிட்டவர்களும் ஒருவரே, அதனால் பெயர் ஆசிரியர் இடத்தில் ஒருமுறை வந்தால் போதும், வெளியீட்டாளர் இடத்தில் மறுபடி எழுத வேண்டாம். வேறு நிறுவனம் வெளியிட்ட கேமாக இருந்தால் செய்தவர் முதலில், வெளியிட்டவர் சதுர அடைப்புக்குப் பிறகு. எழுதி முடித்த கதை, கூட விளையாடுபவர்கள் கிடையாது, வாராவாரம் புது நிகழ்ச்சி வந்து திரை மாறுவதும் கிடையாது. சின்னத் திருத்தங்கள் வந்திருக்கலாம், ஆனால் இட்லி செய்யும் காட்சி இட்லி செய்யும் காட்சியாகவே இருக்கும். இங்கே வெர்ஷன் எண்ணைவிட எந்தக் கருவியில் விளையாடினீர்கள் என்பது முக்கியம். அது கம்ப்யூட்டர், ஸ்விட்ச், ப்ளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் எல்லாவற்றிலும் வந்தது.

```
Visai Games. (2023). Venba (Windows version) [Video game].
   Steam. https://store.steampowered.com/app/[எண்]/Venba/
```

ஸ்டீம் லிங்க்கில் app என்பதற்குப் பிறகு வரும் எண்தான் கேமின் அடையாளம், அதை உங்கள் ப்ரவுசரிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். கருவியின் பெயருக்கு ஏபிஏ தனி இடம் தரவில்லை. வெர்ஷன் வரும் அடைப்புக்குறிக்குள் போடுவது பரவலான பழக்கம், நானும் அதையே ஏற்றுக்கொள்கிறேன். உங்கள் கைடு அதை ஒப்புக்கொள்ளாவிட்டால் வாதாடாமல் ஆய்வுமுறைப் பகுதிக்கு நகர்த்திவிடுங்கள், எங்காவது ஓரிடத்தில் அது இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஏன் இந்தக் கருவி விவகாரத்தை இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், ப்ராஜெக்ட் திருத்துபவர்கள் முதலில் கண்டுபிடிப்பது இதைத்தான். கம்ப்யூட்டரில் விளையாடியதாக எழுதியிருப்பார்கள், படத்தின் ஓரத்தில் ப்ளேஸ்டேஷனின் முக்கோணமும் வட்டமும் தெரியும். படத்தின் மூலையில் யாரோ ஒருவரின் முகம் பாதி வெட்டுப்பட்டிருக்கும், அல்லது அடியில் வீடியோவின் சிவப்புக் கோடு எட்டிப் பார்க்கும். கேமை வாங்காமல் யூட்யூபில் வேறொருவர் விளையாடியதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்பது அதோடு முடிந்துவிட்டது. யூட்யூபில் பார்ப்பது குற்றமில்லை. மாணவர்களிடம் எல்லா கேமும் வாங்கப் பணம் இருக்காது, எனக்குத் தெரியும். ஆனால் அப்போது உங்கள் சான்று அந்த வீடியோ. அதைப் பதிவேற்றியவர் பெயர், தேதி, தலைப்பு, நிமிடம் ஆகியவற்றோடு வீடியோவாகவே ரெஃபரன்ஸில் காட்ட வேண்டும். கேமுக்குத் தனியாக ஒரு வரி வைத்துக்கொள்ளலாம், நீங்களே விளையாடியதுபோல எழுதக் கூடாது. உங்கள் தலைப்புக்கு இது வெறும் நேர்மைப் பிரச்சினை மட்டும் இல்லை. தப்பு செய்தால் என்ன ஆகிறது என்பதை நீங்களே தப்பு செய்துதான் பார்க்க முடியும். வீடியோ போடுபவர் இட்லித் தட்டுகளைச் சரியாக அடுக்கிவிட்டால், தப்பாக அடுக்கினால் வரும் திரையை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள்.

கேமுக்குள் ஓர் இடத்தைச் சுட்டுவது எப்படி என்பதில் திட்டவட்டமான விதி கிடையாது. புத்தகத்துக்குப் பக்க எண், வீடியோவுக்கு நிமிடம், கேமுக்கு என்ன? ஆளாளுக்கு ஆடும் வேகம் வேறு, அதனால் 'பதினைந்தாவது நிமிடம்' என்று எழுதினால் அதை வைத்து யாராலும் அந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது. ஆசிரியர் பெயருக்கும் வருடத்துக்கும் பிறகு, கேமே தரும் பெயரை எழுதுங்கள், அதாவது நிலை, அத்தியாயம், பணி, காட்சி என்று கேம் தன்னை எப்படிப் பிரித்திருக்கிறதோ அந்தப் பெயர். வெண்பாவில் கதை வருடங்களாகவும் சமையல்களாகவும் பிரிந்திருக்கிறது. 1988-இல் தொடங்கும் முதல் பகுதியில் இட்லி. சமையல் குறிப்புப் புத்தகம் சிதைந்திருப்பதால் விட்டுப்போன படிகளை விளையாடுபவரே ஊகிக்க வேண்டும். ஆகவே வாக்கியத்துக்குள் இப்படி வரலாம்:

```
(Visai Games, 2023, 1988 idli level)
```

இதோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும், அந்தக் காட்சிக்கு எந்த நிலையில் வந்தீர்கள் என்பது. முதல் முயற்சியா, ஒருமுறை தவறவிட்டு மறுபடி செய்ததா, நடுவில் வரும் உரையாடலில் எந்தப் பதிலைத் தேர்ந்தீர்கள் என்பதெல்லாம் திரையை மாற்றும். இதை மேற்கோள் அடைப்புக்குள் திணிக்காமல் உங்கள் வாக்கியத்திலேயே எழுதுங்கள். 'முதல் முயற்சியில் தட்டுகளைத் தவறாக அடுக்கியபோது' என்று தொடங்கினால் படிப்பவர் அதே தப்பை அதே வரிசையில் செய்து பார்த்துக்கொள்வார். யுடிஎஸ்ஸில் நின்ற இடம் செய்த வேலையை இங்கே உங்கள் முயற்சியின் வரிசை செய்கிறது. ஒப்பீட்டுக் கட்டுரையில் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதினால் அதுவே ஒரு நல்ல பத்தியாகும்.

இசையைப் பற்றியோ ஓவியத்தைப் பற்றியோ எழுதினால் அதைச் செய்த ஆளின் பெயரைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. அதற்காக ரெஃபரன்ஸில் ஆசிரியரை மாற்ற வேண்டாம். கேமின் முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலைப் பார்த்து, வாக்கியத்திலேயே 'ஆல்ஃபா சம்திங் என்ற இசையமைப்பாளர் அமைத்த இசை' என்று எழுதிவிட்டு, அடைப்பில் வழக்கம்போல விசை கேம்ஸ் என்று போடுங்கள்.

நீங்கள் கேட்கவில்லை என்றாலும், உங்கள் வகுப்பில் யாராவது ஒருவர் பப்ஜி பற்றி எழுதிக்கொண்டிருப்பார், அவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். பப்ஜி மொபைல் 2020 செப்டம்பர் 2 அன்று இந்தியாவில் தடை செய்யப்பட்டது. 2021 ஜூலையில் கிராஃப்டன் நிறுவனம் பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா என்ற பெயரில் இந்தியாவுக்கென்று தனி கேமை வெளியிட்டது. அதுவும் 2022 ஜூலையில் ஸ்டோர்களிலிருந்து நீக்கப்பட்டு 2023 மே மாதம் திரும்பி வந்தது. தெருவில் இரண்டுக்கும் பெயர் பப்ஜிதான். பேட்டி கொடுத்த பையன் பப்ஜி என்று சொன்னால் அவன் சொன்னதை அப்படியே எழுதுங்கள். ஆனால் நீங்கள் ஆராய்ந்தது இந்திய வெர்ஷன் என்றால் ரெஃபரன்ஸில் அந்தப் பெயரும் கிராஃப்டனும்தான் வர வேண்டும். இந்திய வெர்ஷனில் ரத்தம் பச்சை நிறத்தில் வந்தது. வன்முறைச் சித்திரிப்பு பற்றிய கட்டுரையில் இரண்டையும் ஒன்றாக எழுதினால் வாதமே கவிழ்ந்துவிடும்.

ப்ராஜெக்ட்டுக்காக நீங்கள் பயன்படுத்திய மென்பொருட்களையும் பட்டியலில் சேர்க்க வேண்டுமா என்ற குழப்பமும் வரும். வேர்டு, ஃபோட்டோஷாப் போன்ற எல்லாருக்கும் தெரிந்த மென்பொருட்களை வேலைக்கு மட்டும் பயன்படுத்தியிருந்தால் ரெஃபரன்ஸ் வரி தேவையில்லை, பெயரையும் வெர்ஷனையும் கட்டுரைக்குள் சொன்னால் போதும் என்று ஏபிஏ சொல்கிறது. படங்களில் அம்புக்குறி போட ஃபிக்மாவைப் பயன்படுத்தினால் ஒரு வாக்கியம் போதும். ஃபிக்மாவின் இடைமுகத்தையே ஆராய்ந்தால் அப்போது அது உங்கள் ஆய்வுப் பொருள், ரெஃபரன்ஸில் வந்தாக வேண்டும். நீங்களே மாற்றுத் திரை ஒன்றை வடிவமைத்திருந்தால் அது உங்கள் சொந்த வேலை, யாரும் வெளியிடவில்லை. பட்டியலில் வராது, பின்னிணைப்பில் வையுங்கள்.

ஸ்க்ரீன்ஷாட் ஒட்டுவதன் சட்டம் கொஞ்சம் சிக்கலானது. 1957-ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு ஆராய்ச்சிக்கும் விமர்சனத்துக்கும் நியாயமான அளவு பயன்பாட்டை அனுமதிக்கிறது. ஆனால் அந்த இடத்தில் கம்ப்யூட்டர் நிரல் நீங்கலாக என்று ஒரு சொற்றொடர் இருக்கிறது. திரையின் படம் நிரலுக்குள் அடங்குமா, தனிக் கலைப்படைப்பாகக் கருதப்படுமா என்று வாதாட இடமுண்டு. நான் வக்கீல் இல்லை. கல்லூரிக்குள் சமர்ப்பிக்கும் ப்ராஜெக்ட்டில், நீங்கள் அலசும் திரையை மட்டும் தேவையான அளவுக்கு வைத்து, யாருடையது என்று எழுதினால் அதில் பிரச்சினை எழுந்து நான் பார்த்ததில்லை. அதையே ஒரு ஆய்விதழில் வெளியிடப்போகிறீர்கள் என்றால் இதழ்க்காரர்கள் எழுத்துப்பூர்வ அனுமதி கேட்கலாம், சின்ன ஸ்டுடியோவாக இருந்தால் ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பாருங்கள். சட்டத்தைவிட எனக்குக் கவலை உங்கள் சொந்த விவரங்கள்தான். யுடிஎஸ் திரையில் உங்கள் போன் எண், டிக்கெட் எண், பணம் கட்டிய விவரம் எல்லாம் இருக்கும். மங்கலாக்கினால் சில சமயம் எழுத்து தெரிந்துவிடும், முழுக்கக் கறுப்புப் பட்டை போட்டு, படத்தைப் புதிதாகச் சேமித்து ஒட்டுங்கள்.

கைடு நடுவில் முறையை மாற்றச் சொன்னாலும் பயப்பட வேண்டாம். எம்எல்ஏ என்ற மேற்கோள் முறையில் கேமின் பெயர் முதலில் வரும், நிறுவனம் வெளியீட்டாளர் இடத்துக்குப் போகும், வெர்ஷனுக்கும் கருவிக்கும் அங்கே தனி இடமே உண்டு. சிகாகோ முறை வெர்ஷனோடு எந்த இயங்குதளம் என்பதையும் சேர்த்து எழுதும், டிசைன் கட்டுரைக்கு அதுதான் பொருத்தம் என்பது என் அபிப்பிராயம். நீங்கள் சேகரிக்க வேண்டிய விவரங்கள் மூன்றிலும் ஒன்றே, வரிசைதான் மாறும்.

அப்புறம், யுடிஎஸ் பற்றிக் கடைசியாக ஒன்று. 2025 ஜூலையில் ரயில்வே 'ரயில்ஒன்' என்ற புது ஆப்பைக் கொண்டுவந்தது, முன்பதிவில்லா டிக்கெட்டும் அதற்குள்ளேயே வந்துவிட்டது. உங்கள் வைவாவுக்குள் நீங்கள் எழுதிய திரைகள் மாறவோ மறையவோ வாய்ப்புண்டு. மறைந்துபோன ஆப்பையும் மேற்கோள் காட்டலாம், வெர்ஷனும் வருடமும் இருக்கிறதே. லிங்க் வேலை செய்யாவிட்டால் அதை எடுத்துவிட்டு, இன்ன தேதிக்குப் பிறகு ஸ்டோரில் இல்லை என்று ஆய்வுமுறைப் பகுதியில் ஒரு வரி எழுதுங்கள். இணையப் பக்கங்களைச் சேமிக்கும் வேபேக் மெஷினில் ஸ்டோர் பக்கத்தைச் சேமிக்கலாம், ஆனால் அதில் ஆப்பின் விளக்கம்தான் இருக்கும், ஆப்பின் திரை இருக்காது. பழைய வெர்ஷன்களைத் தரும் வெளித் தளங்களிலிருந்து இறக்கி, பணம் கட்டும் போனில் நிறுவாதீர்கள். அதற்குப் பதில் இப்போதே காட்பாடிக்குப் போய், ஆப்பைத் திறப்பதிலிருந்து மறுப்புச் செய்தி வரும்வரை திரைப்பதிவாக எடுத்துவிடுங்கள். பல போன்களில் ஸ்க்ரீன்ஷாட் கோப்பின் பெயரிலேயே தேதியும் நேரமும் இருக்கும். வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் அந்தப் பெயரும் போய்விடும், படமும் சுருங்கிவிடும். கேபிள் வழியாகவோ டாக்குமென்டாகவோ கம்ப்யூட்டருக்கு மாற்றி, பெயரை மாற்றாமல் ஒரு ஃபோல்டரில் வைத்து, வைவா அன்று பென்டிரைவில் கொண்டுபோங்கள்.